1000!-இல் எத்தனை 7 இருக்கிறது? வகுத்தே கண்டுபிடிக்கும் வழி

1000! என்பது 1 × 2 × 3 × … × 1000. இதை 7-ஆல் எத்தனை முறை மீதியில்லாமல் வகுத்துக்கொண்டே போகலாம்? படிவம் 5 கூடுதல் கணிதத்தில் இந்த ஆச்சரியக்குறி வந்துவிடுகிறது. ஆனால் பாடம் அதை வரிசைமாற்றம், தேர்வு கணக்குகளுக்குப் பயன்படுத்திவிட்டு நகர்ந்துவிடும். அப்புறம் கணிதப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் பிள்ளை, தாளில் இந்தக் கேள்வியைப் பார்த்துத் திகைத்து நிற்கும். எனக்கும் இது ஒரே இடத்தில் கிடைக்கவில்லை. ஒரு புத்தகத்தில் சூத்திரம் மட்டும் இருந்தது, இன்னொன்றில் விடை மட்டும் இருந்தது. எங்கே சறுக்கும் என்று எதிலும் இல்லை. சுங்கை சிப்புட்டில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். அங்கே வரும் பிள்ளைகள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்களோ, அந்த இடங்களை வைத்தே இதை எழுதுகிறேன்.

வகுத்தலும் கூட்டலும் தெரிந்தால் போதும். லெஜாண்டர் சூத்திரம் என்று எங்காவது படித்திருந்தால், அதுவும் இதுவும் ஒன்றுதான்.

1. வகுக்கும் முன் தாளில் எழுத வேண்டியவை

மேலே இரண்டு எண்களை எழுதுங்கள். எந்த எண் வரைக்குமான பெருக்கல்? இங்கே 1000. எந்த எண்ணின் அடுக்கைத் தேடுகிறோம்? இங்கே 7. அதற்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு சொல்: இரண்டாவது எண் பகா எண்ணா, இல்லையா? 7 பகா எண், சரி. 8, 10, 12 போன்ற எண் கேட்டிருந்தால் இங்கேயே நில்லுங்கள். அந்த எண்ணை வைத்து நேரடியாக வகுக்கக் கூடாது. அதற்கான வழி ஐந்தாவது படியில் இருக்கிறது. இந்த மூன்றாவது சொல்லை எழுதாமல் தாவுவதால் போகும் மதிப்பெண்தான் அதிகம்.

அடுத்து, தாளின் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடது பக்கம் ஈவு, வலது பக்கம் மீதி. மீதி எதற்கு என்று இப்போது தோன்றும். விடையைச் சரிபார்க்க அது வேண்டும். அதனால் தூக்கிப் போடாதீர்கள்.

செலவு என்று பார்த்தால் பயிற்சிப் புத்தகத்தில் பாதிப் பக்கம். கணிப்பான் தேவையில்லை. பல போட்டித் தாள்களில் அதற்கு அனுமதியும் கிடையாது.

2. ஈவை எடுத்து மறுபடி வகுங்கள்

1000-ஐ 7-ஆல் வகுத்து ஈவை எழுதுங்கள். அந்த ஈவை மறுபடி 7-ஆல் வகுங்கள். வருகிற ஈவை இன்னொரு முறை. ஈவு 0 ஆகும் வரை இப்படியே போங்கள்.

```
1000 ÷ 7 = 142   மீதி 6
 142 ÷ 7 =  20   மீதி 2
  20 ÷ 7 =   2   மீதி 6
   2 ÷ 7 =   0   மீதி 2
```

இப்போது ஈவுகளை மட்டும் கூட்டுங்கள்: 142 + 20 + 2 = 164. விடை வந்துவிட்டது. 1000!-ஐ 7-ஆல் 164 முறை மீதியில்லாமல் வகுக்கலாம், 165-ஆவது முறை மீதி வரும்.

கடைசி வரியைப் பாருங்கள், ஈவு 0. பலர் அதற்கு முந்தைய வரியோடு நிறுத்திவிடுவார்கள். விடைக்கு அதனால் கேடு இல்லை, 0-ஐக் கூட்டி என்ன ஆகப்போகிறது? ஆனால் சரிபார்க்கும்போது அந்த வரியின் மீதி 2 தேவைப்படும். எழுதியே வையுங்கள்.

இந்தப் படியில் மூன்று இடத்தில் கால் வழுக்கும்.

முதலாவது, 142-ஓடு நிறுத்திவிடுவது. "1 முதல் 1000 வரை 7-இன் மடங்கு 142 இருக்கிறது, ஆகவே 142" என்று நியாயமாகத்தான் தோன்றும். ஏன் போதாது என்று அடுத்த படியில் பார்ப்போம்.

இரண்டாவது, முழுமையாக்குவது. 1000 ÷ 7 = 142.857… என்று கணிப்பான் காட்டியதும் கை தானாக 143 என்று எழுதிவிடும். அப்படியே தொடர்ந்தால் 143, 20, 3 என்று போய் 166 வரும். இங்கே புள்ளிக்குப் பின்னால் என்ன இருந்தாலும் வெட்டிவிட வேண்டும். 142.999 என்று வந்தாலும் 142தான்.

மூன்றாவது, தொடங்கிய 1000-ஐயும் சேர்த்துக் கூட்டுவது. வரிசையாக 1000, 142, 20, 2 என்று எழுதிப் பழகியவர்களுக்கு இது நேரும். ஈவுகளை மட்டுமே கூட்ட வேண்டும், ஆரம்ப எண்ணை அல்ல.

3. ஏன் கூட்டுகிறோம்

காரணம் தெரியாமல் செய்தால் கேள்வி சற்று மாறினாலும் கை நின்றுவிடும். அதனால் இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நின்று போவோம்.

தோட்டத்தில் செம்பனை மரங்கள் ஒரே நீள நிரையாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மரத்துக்கு மரம் 1 முதல் 1000 வரை எண். ஒருவர் சாய டப்பாவோடு நடந்து, ஒவ்வொரு 7-ஆவது மரத்திலும் ஒரு கோடு போடுகிறார். 7, 14, 21 என்று போய் 994-இல் முடியும். மொத்தம் 142 கோடு.

இப்போது 49-ஆம் மரத்தைப் பாருங்கள். 49 என்பது 7 × 7. அதற்குள் இரண்டு 7 இருக்கிறது, ஆனால் விழுந்திருப்பது ஒரு கோடுதான். ஆக இரண்டாம் சுற்று போய், 49, 98, 147 என்று ஒவ்வொரு 49-ஆவது மரத்திலும் இன்னொரு கோடு போட வேண்டும். 980 வரை 20 மரங்கள், 20 கோடு. அதோடும் முடியவில்லை. 343 என்பது 7 × 7 × 7. அதற்கும் 686-க்கும் மூன்றாவது கோடு வேண்டும். அது 2. அடுத்தது 2401, நிரை அவ்வளவு தூரம் போகவில்லை.

இப்போது எந்த மரத்தைப் பார்த்தாலும், அதன் எண்ணுக்குள் எத்தனை 7 இருக்கிறதோ அத்தனை கோடு அதன்மேல் இருக்கும். மொத்தக் கோடுகள் 142 + 20 + 2 = 164. எல்லா எண்களையும் பெருக்கும்போது எல்லா 7-களும் சேர்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான்.

இன்னொரு சந்தேகம் வரும். இரண்டாம் சுற்றில் 1000-ஐ 49-ஆல் அல்லவா வகுக்க வேண்டும்? நாம் 142-ஐ 7-ஆல் வகுத்தோமே? இரண்டும் ஒன்றுதான். கோடு விழுந்த 142 மரங்களை மட்டும் எடுத்து 1, 2, 3 என்று புதிதாக எண்ணுங்கள். அவற்றில் 49-இன் மடங்குகள் எவை? 7-ஆவது, 14-ஆவது, 21-ஆவது என்று வருபவை. ஆகவே 142-ஐ 7-ஆல் வகுத்தாலே போதும். மீதியை வெட்டியதால் எதுவும் தொலைந்துபோகாது. கடைசிக் கோட்டுக்குப் பின்னால் நிற்கும் மரங்களில் 7 இல்லை, அவற்றுக்கு அடுத்த சுற்றிலும் வேலை இல்லை.

கையால் செய்பவருக்கு இது பெரிய லாபம். 49, 343, 2401 என்று பெரிய எண்களால் வகுக்கவே வேண்டாம். முதலிலிருந்து கடைசி வரை 7-ஆம் வாய்ப்பாடு மட்டும்.

4. மீதியை வைத்துச் சரிபாருங்கள்

இதைத்தான் பெரும்பாலான குறிப்புகள் விட்டுவிடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த படியும் இதுதான்.

வலது பக்கம் எழுதிய மீதிகளைக் கூட்டுங்கள்: 6 + 2 + 6 + 2 = 16. அதை 1000-இலிருந்து கழியுங்கள்: 984. அதை 7-ஐவிட ஒன்று குறைவான 6-ஆல் வகுங்கள்: 164. ஈவுகளைக் கூட்டி வந்த அதே விடை.

இது தற்செயல் அல்ல. நான்கு வரிகளையும் இப்படி எழுதிப் பாருங்கள்:

```
1000 = 7 × 142 + 6
 142 = 7 ×  20 + 2
  20 = 7 ×   2 + 6
   2 = 7 ×   0 + 2
```

இடப்பக்கத்தை எல்லாம் கூட்டினால் 1000-உம் ஈவுகளின் மொத்தமும் வரும். வலப்பக்கத்தைக் கூட்டினால் ஈவுகளின் மொத்தத்தைப் போல் 7 மடங்கும், மீதிகளின் மொத்தமும் வரும். இரண்டு பக்கமும் சமம். ஆக 1000-இலிருந்து மீதிகளைக் கழித்தால் கிடைப்பது ஈவுகளின் மொத்தத்தைப் போல் 6 மடங்கு. எந்தப் பகா எண்ணுக்கும் இதே கதைதான். n என்பது தொடங்கிய எண், p என்பது பகா எண், S என்பது ஈவுகளின் மொத்தம், R என்பது மீதிகளின் மொத்தம் என்றால்:

```
S = (n − R) / (p − 1)
```

எங்கேயாவது தப்பு நடந்திருந்தால் இது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மீதியை 6-க்குப் பதில் 5 என்று எழுதியிருந்தால் 985 ÷ 6 முழு எண்ணாக வராது. கடைசி வரியின் 2-ஐ விட்டிருந்தால் 986 ÷ 6, அதுவும் வராது. 143 என்று முழுமையாக்கியிருந்தால் மீதி எழுதும் இடத்திலேயே கை நின்றுவிடும். 7 × 143 = 1001, அது 1000-ஐத் தாண்டிவிடுகிறதே!

ஒரே ஒரு விதிவிலக்கு: பகா எண் 2 என்றால் 1-ஆல் வகுக்கிறோம், எதை வகுத்தாலும் முழு எண் வரும். அங்கே முழு எண் வந்ததை வைத்துத் திருப்தி அடையாமல், இரண்டு வழியிலும் ஒரே விடை வருகிறதா என்று ஒப்பிடுங்கள்.

இதே சமன்பாட்டிலிருந்து இன்னொரு வசதியும் கிடைக்கிறது. மீதிகளின் மொத்தம் 0 ஆகவே முடியாது. ஆகவே விடை எப்போதும் 1000 ÷ 6-ஐவிடக் குறைவு, அதாவது 166-ஐத் தாண்டாது. 1000-ஐயும் சேர்த்துக் கூட்டி 1164 என்று எழுதியவர் இந்த ஒரு பார்வையிலேயே பிடிபட்டுவிடுவார்.

கணிப்பானைப் பற்றி ஓர் எச்சரிக்கை

சிறிய எண்தானே, நேராகப் பெருக்கியே பார்த்துவிடலாம் என்று கை கணிப்பானுக்குப் போகும். பள்ளியில் பயன்படுத்தும் அறிவியல் கணிப்பான்களில் பெரும்பாலானவை 69! வரைதான் தாங்கும். 70! என்பது 10-இன் 100-ஆம் அடுக்கைத் தாண்டிவிடுவதால் பிழை என்று காட்டும். அதைவிட மோசம், தாங்கும் எண்களிலும் அது ஏமாற்றும். 25! அழுத்தினால் 1.551121004 × 10²⁵ என்று வரும்.

"சார், கடைசியில் 25 பூஜ்யம்தானே?" என்று ஒரு பையன் கேட்டான்.

"முழு எண்ணையும் எழுதிப் பார், தம்பி" என்றேன்.

25! = 15511210043330985984000000. கடைசியில் இருப்பது 6 பூஜ்யம்தான். கணிப்பான் முதல் சில இலக்கங்களை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மறைத்துவிட்டது. அந்த 25, எண் எவ்வளவு நீளம் என்று சொல்கிறதே தவிர, கடைசியில் எத்தனை பூஜ்யம் என்று சொல்லவில்லை. கடைசியில் வரும் ஒவ்வொரு பூஜ்யமும் ஒரு 10, அதாவது 2 × 5. 2-கள் தாராளமாக இருப்பதால் 5-களை எண்ணினால் போதும். வகுத்துப் பார்த்தால் ஒரு நொடி: 25 ÷ 5 = 5, 5 ÷ 5 = 1, மொத்தம் 6.

5. பகா எண் இல்லையென்றால்

24!-ஐ 12-ஆல் எத்தனை முறை வகுக்கலாம்? நேரடியாக 12-ஆல் வகுத்தால் 24 ÷ 12 = 2, அதோடு முடிந்தது. விடை 2 என்று எழுதினால் தப்பு, அதுவும் சின்னத் தப்பு அல்ல. 3-உம் 4-உம் தனித்தனியே நிற்கின்றன, இரண்டும் 12-இன் மடங்கு இல்லை. ஆனால் பெருக்கினால் ஒரு 12 வந்துவிடுகிறது. மடங்குகளை மட்டும் எண்ணினால் இப்படிச் சேரும் 12-கள் கணக்கில் வராது.

வழி இது. 12-ஐப் பகா எண்களாகப் பிரியுங்கள்: 2 × 2 × 3. பிறகு ஒவ்வொரு பகா எண்ணுக்கும் தனித்தனியாக வகுங்கள்.

2-க்கு: 12 + 6 + 3 + 1 = 22
3-க்கு: 8 + 2 = 10

ஒரு 12-க்கு இரண்டு 2 வேண்டும். 22-ஐ வைத்து 11 சோடி சேர்க்கலாம். 3 ஒன்று போதும், ஆனால் கையில் இருப்பது 10. எது முதலில் தீர்கிறதோ அதோடு சரக்கு தீர்ந்தது. விடை 10.

இங்கே பலர் "பெரிய பகா எண்தான் முடிவு செய்யும், 3-ஐ மட்டும் பார்த்தால் போதும்" என்று ஒரு விதியைப் பிடித்துக்கொள்வார்கள். அதே கேள்வியை 27!-க்குக் கேட்டுப் பாருங்கள்.

2-க்கு: 13 + 6 + 3 + 1 = 23, அதாவது 11 சோடியும் ஒன்று மிச்சமும்
3-க்கு: 9 + 3 + 1 = 13

இப்போது 2 முதலில் தீர்ந்துவிட்டது. விடை 11. 3-ஐ மட்டும் பார்த்தவர் 13 என்று எழுதியிருப்பார். அந்தக் குறுக்கு வழி எப்போது செல்லும் என்றால், பிரித்த பகா எண்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வரும்போது மட்டும். 6, 10, 15, 30 போன்றவை. பகா எண் பெரிதாக ஆக அதன் எண்ணிக்கை கூடவே கூடாது, அதனால் அங்கே பெரியதே முதலில் தீரும் (சமமாக வந்தாலும் விடை மாறாது). கடைசியில் வரும் பூஜ்யங்களை எண்ண 5-ஐ மட்டும் பார்ப்பது இந்தக் காரணத்தால்தான். 12, 18, 20 என்று ஏதாவது பகா எண் திரும்ப வந்தால் எல்லாவற்றையும் செய்துதான் ஆக வேண்டும்.

8, 9, 25 போன்றவற்றில் ஒரே பகா எண்தான், ஆனால் அங்கும் நேரடியாக வகுக்கக் கூடாது. 50!-இல் 8-இன் அடுக்கு வேண்டுமென்றால் முதலில் 2-க்குச் செய்யுங்கள்: 25 + 12 + 6 + 3 + 1 = 47. ஒரு 8-க்கு மூன்று 2 வேண்டும். 47 ÷ 3 = 15, மிச்சத்தை வெட்டுங்கள். விடை 15. நேராக 8-ஆல் வகுத்தவருக்கு 6 வந்திருக்கும்.

6. நடுவிலிருந்து தொடங்கும் பெருக்கல்

49 × 50 × … × 100-இல் 7-இன் அடுக்கு? 1-இலிருந்து தொடங்கவில்லையே என்று பயப்பட வேண்டாம். முழு 100!-க்கும் செய்து, முன்னால் விடுபட்ட பகுதியைக் கழியுங்கள். 100-க்கு 14 + 2 = 16. விடுபட்ட பகுதி 1 முதல் 48 வரை, அதற்கு 6. விடை 16 − 6 = 10.

இங்கே பொறி ஒன்றுதான்: 49!-ஐக் கழித்துவிடுவது. அப்படிச் செய்தால் 8 வரும், ஏனென்றால் நமக்கு வேண்டிய 49-ஐயே வெளியே தள்ளிவிட்டோம். தொடங்கும் எண்ணுக்கு ஒன்று முன்னால் வரைதான் கழிக்க வேண்டும். 51-இலிருந்து தொடங்கும் கணக்கில் இந்தத் தப்பைச் செய்தாலும் விடை மாறாது, 51-இல் 7 கிடையாதே. அதனால் பயிற்சியில் தெரியாமலே போய்விடும்.

7. தலைகீழாகக் கேட்டால்

"n!-இன் கடைசியில் சரியாக 100 பூஜ்யம் இருக்க வேண்டும். n என்ன?" இப்படிக் கேட்டால் பிள்ளைகள் 100 × 5 = 500 என்று தொடங்குவார்கள். 500!-க்கு 100 + 20 + 4 = 124, அதிகமாகப் போய்விட்டது.

நாலாவது படியில் பார்த்த எல்லை இங்கே கைகொடுக்கும். பூஜ்யங்கள் எப்போதும் n ÷ 4-ஐவிடக் குறைவு. 100 வேண்டுமென்றால் n 400-ஐத் தாண்டியே ஆக வேண்டும். 400-க்குப் போட்டுப் பாருங்கள்: 80 + 16 + 3 = 99. ஒன்று குறைகிறது. 401 முதல் 404 வரை எதிலும் 5 இல்லை, எதுவும் மாறாது. 405-க்கு 81 + 16 + 3 = 100. ஆக n 405 முதல் 409 வரை எதுவாகவும் இருக்கலாம். மிகச் சிறியது எது என்று கேட்டால் 405. எத்தனை n என்று கேட்டால் 5. கேள்வியின் கடைசி வரியை இன்னொரு தடவை படித்துவிட்டு விடை எழுதுங்கள்.

ஆனால் எல்லா எண்ணிக்கையும் கிடைக்காது. சரியாக 5 பூஜ்யம் உள்ள n! இல்லவே இல்லை. 24!-க்கு 4. அடுத்த 25 வந்ததும் இரண்டு 5-கள் ஒன்றாக வந்துவிடுவதால் 25!-க்கு நேரே 6. 125-இல் மூன்று 5 ஒரே எட்டில் வரும்: 124!-க்கு 28, 125!-க்கு 31. ஆகவே 29-உம் 30-உம் கிடையாது. கேள்வி அமைப்பவர்களுக்கு இந்த இடைவெளிகள் ரொம்பப் பிடிக்கும். நீங்கள் தேடும் எண்ணிக்கையைத் தாண்டி விடை குதித்துவிட்டால், கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். அதற்கு முந்தைய 5-இன் மடங்குக்கும் ஒரு முறை பாருங்கள். இரண்டுக்கும் நடுவே நீங்கள் தேடுவது விழுந்துவிட்டால், "அப்படி ஒரு n இல்லை" என்பதே விடை.

8. எவ்வளவு நேரம் ஆகும், கணினியில் செய்தால் என்ன

எத்தனை முறை வகுக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும். 7, 49, 343 என்று அடுக்குகளை எழுதிக்கொண்டே போங்கள். 1000-ஐத் தாண்டாதவை மூன்று. ஆக மூன்று வகுத்தல், சரிபார்ப்புக்கு இன்னும் ஒன்று. எண் பத்து லட்சமாக இருந்து பகா எண் 2 ஆக இருந்தாலும் 19 வரிகள்தான், ஊற்றி வைத்த தே ஆறுவதற்குள் முடிந்துவிடும். பகா எண் பெரிதானால் வரிகள் இன்னும் குறையும். 1000-க்கு 37 என்றால் 27, அதோடு சரி. 37 × 37 = 1369, அது 1000-ஐத் தாண்டிவிட்டது.

நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பைத்தானில் இது போதும்:

```
def adukku(n, p):
    s = 0
    while n > 0:
        n = n // p
        s = s + n
    return s

print(adukku(1000, 7))   # 164
```

கவனிக்க வேண்டியது `//` என்ற இரட்டைக் கோடு. அதுதான் மீதியை வெட்டும். ஒற்றைக் கோடு போட்டால் 142.857…, 20.408… என்று புள்ளி எண்களாகவே போய், கடைசியில் 166.66 என்பது போல ஒன்று வரும். அது நாலாவது படியில் பார்த்த அந்த 1000 ÷ 6 எல்லைதான். திரையில் அப்படி ஓர் எண்ணைக் கண்டால் கோட்டைச் சரிபாருங்கள். இன்னொன்று, 1000!-ஐக் கணக்கிட்டுவிட்டுப் பிறகு 7-ஆல் வகுக்கும் நிரலை எழுதாதீர்கள். பைத்தான் அதைச் செய்துவிடும்தான், ஆனால் 2568 இலக்க எண்ணைத் தூக்கிச் சுமக்க அவசியம் இல்லை.

பழகிப் பார்க்க

தாளை நடுவே கோடு போட்டு, மீதிகளையும் எழுதிச் செய்யுங்கள்.

500!-இல் 13-இன் அடுக்கு: 38 + 2 = 40. மீதிகள் 6, 12, 2, மொத்தம் 20. (500 − 20) ÷ 12 = 40, சரி.

2025!-இன் கடைசியில் பூஜ்யங்கள்: 405 + 81 + 16 + 3 = 505. மீதிகள் 0, 0, 1, 1, 3, மொத்தம் 5. (2025 − 5) ÷ 4 = 505, சரி.

50!-இல் 18-இன் அடுக்கு: 18 = 2 × 3 × 3. 3-க்கு 16 + 5 + 1 = 22, அதை வைத்து 11 சோடி. 2-க்கு 47. முதலில் தீர்வது 3, விடை 11.